இளநிலை உதவியாளர் பொறுப்பு ஒப்படைப்பு: அன்றாட வேலைக் குறிப்புகள்

அரசு மேல்நிலைப் பள்ளி அலுவலகம்
30.05.2025, வெள்ளி

தம்பிக்கு,

பதிவேடுகள், சாவிகள், இருப்புப் பொருட்கள் பட்டியல் தனியாக, தலைமையாசிரியர் அம்மா கையொப்பத்துடன் இருக்கிறது. அதில் வராதவை இங்கே. மேசை நாட்காட்டியிலும் துண்டுச் சீட்டுகளிலும் கிடந்ததைச் சேர்த்து எழுதியது, வரிசை எதிர்பார்க்க வேண்டாம். திங்கட்கிழமை (02.06.2025) பள்ளி திறக்கிறது. முதல் வாரம் முழுக்க மாற்றுச் சான்றிதழும் சேர்க்கையும்தான், அந்தப் பகுதியை மட்டுமாவது ஞாயிறுக்குள் படித்துவிடுங்கள்.

காலை

- பெற்றோர் ஒன்பது மணிக்கே வாசலில் நிற்பார்கள். 8.45-க்கு வந்து கணினியைப் போட்டுவிட்டால் நெரிசல் இல்லை.
- முதலில் மின்னஞ்சல், பிறகு தபால். முதன்மைக் கல்வி அலுவலகமும் மாவட்டக் கல்வி அலுவலகமும் கேட்கும் புள்ளிவிவரம் பாதிக்கு மேல் "இன்று மாலைக்குள்" என்றுதான் வரும். அச்சிட்டு, கெடு நேரத்தை மேல் ஓரத்தில் சிவப்பில் எழுதி அம்மா மேசையில் வையுங்கள்.
- வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து வேலையைத் தொடங்கலாம், கோப்பில் வைக்கக் கூடாது. மின்னஞ்சலில் வந்த கடிதம்தான் கோப்புக்கு.
- தபாலைப் பிரித்ததும் தேதி முத்திரை, தன்பதிவேட்டில் ந.க. எண், பிறகுதான் அம்மா பார்வைக்கு. எண் போடாமல் உள்ளே போன தாள் மூன்று நாளில் எந்த ஆசிரியர் பையில் இருக்கிறது என்று தெரியாது.
- ந.க. எண் ஜனவரி 1-ல் ஒன்றிலிருந்து தொடங்கும். நேற்றுவரை 212. நினைவூட்டு வந்தால் புது எண் போடாதீர்கள், பழைய எண்ணின் கீழேயே தேதியுடன் குறியுங்கள்.
- 10 மணிக்கு ஆசிரியர் வருகை, 10.30-க்குள் வகுப்பு வருகை செயலியில் ஏறிவிட்டதா பாருங்கள். ஏறாத வகுப்பு பெரும்பாலும் 9-ஆ. அந்தக் கட்டடத்தின் மூலையில் சிக்னல் கிடையாது, வகுப்பாசிரியர் நூலக வாசலுக்கு வந்து போட வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ்

பன்னிரண்டாம் வகுப்பில் 118 பேர். 94 பேருக்குக் கொடுத்தாயிற்று, 24 மீதம். பத்தாம் வகுப்பு முடித்து நம்மிடமே பதினொன்றில் சேர்கிறவர்களுக்குத் தேவையில்லை, வெளியே போகிறவர்களுக்கு மட்டும்.

- விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம். நூலகம், ஆய்வகம் இரண்டிலும் பாக்கி இல்லை என்று குறிப்பு.
- சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, எமிஸ் திரையை அருகில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்: பெயர், தலைப்பெழுத்து, பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சேர்ந்த வகுப்பு. இரண்டும் வேறுபட்டால் எமிஸைத் திருத்துங்கள். எமிஸைப் பார்த்துப் பதிவேட்டைத் திருத்தக் கூடாது. பதிவேடுதான் மூலம், கணினியில் இருப்பது யாரோ அவசரத்தில் தட்டியது.
- அதிகம் தவறுவது தலைப்பெழுத்து. ஆதாரில் ஆங்கிலத்தில் பின்னால் இருக்கும், பதிவேட்டில் தமிழில் முன்னால் இருக்கும். அடுத்தது ல, ள, ழ. "கலையரசி" எமிஸில் "களையரசி" என்று இருந்தால் சான்றிதழிலும் அப்படியே அச்சாகும்.
- பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் ஒத்துப்போகிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண் மட்டும் ஓட்டினால் 06-ம் 09-ம் ஏமாற்றும்.
- முதலில் சாதாரணத் தாளில் ஒரு படி. பெற்றோர் படித்து "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு இறுதிப் படி. அந்தப் படியை விண்ணப்பத்தோடு தைத்து வையுங்கள்.
- அம்மா பச்சை மையில் கையொப்பமிட்டதும் உடனே முத்திரை குத்தாதீர்கள். ஜெல் பேனா மை காய ஒரு நிமிடம் ஆகும், ஈரத்தில் குத்தினால் பச்சையும் ஊதாவும் கலந்து கையொப்பமே சேறாகிவிடும், கல்லூரியில் திருப்பி அனுப்புவார்கள். வட்ட முத்திரையின் ஓரம் கையொப்பத்தைத் தொட்டால் போதும், மாணவர் பெயர்மேல் படக் கூடாது.
- கொடுத்ததும் பதிவேட்டில் சான்றிதழ் எண், தேதி, வாங்கியவர் கையொப்பம். அதே கையோடு எமிஸில் மாணவரைக் காமன் பூலுக்குத் தள்ளுங்கள். இதை மறந்தால் புதிய பள்ளி அந்த மாணவரை ஏற்ற முடியாது, ஜூன் முழுக்கத் தொலைபேசி அடிக்கும். தாளைக் கொடுத்து, தள்ளாமல் விட்டவை என்று இப்போது எதுவும் இல்லை. நேற்று மாலை சரிபார்த்தேன்.
- நம்மிடம் புதிதாகச் சேர்கிறவருக்கு இதே கதை எதிர்ப்புறமிருந்து. காமன் பூலில் பெயர் இல்லையென்றால் புது எண் உருவாக்காதீர்கள், பழைய பள்ளியைத் தொலைபேசியில் பிடியுங்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு எமிஸ் எண் விழுந்தால் அதைக் களைவது மாதக்கணக்கு வேலை.

பிறந்த தேதியை மாற்றித் தரச் சொல்லி வருவார்கள். அடித்து எழுத நமக்கு அதிகாரம் இல்லை. பிறப்புச் சான்றிதழ் நகலுடன் விண்ணப்பம் வாங்கி, குறிப்பு எழுதி அம்மாவுக்கு வையுங்கள், மேலே அனுப்புவது அவர் முடிவு. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன் வந்தால் நல்லது. மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும்.

6 முதல் 12 வரை படித்த சான்று

ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை பழைய மாணவர்கள் வருவார்கள். மருத்துவம் முதலான படிப்புகளில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

- நம் பள்ளியில் படித்த ஆண்டுகளுக்கு மட்டுமே நாம் சான்று தரலாம். 6 முதல் 8 வரை நடுநிலைப் பள்ளியில் படித்தவர் அதை அங்கேதான் வாங்க வேண்டும். "நீங்களே சேர்த்துப் போட்டுக் கொடுங்க" என்பார்கள். கூடாது.
- பதிவேட்டில் பக்கம் தேட நேரம் ஆகும். சேர்க்கை எண் கேளுங்கள், மாற்றுச் சான்றிதழ் நகலில் இருக்கும்.
- 2009-க்கு முந்தைய சேர்க்கைப் பதிவேடு இரண்டாவது பீரோ, கீழ்த் தட்டு. கதவை இலேசாகத் தூக்கிக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும், அழுத்தினால் சாவி வளைகிறது.

சம்பளப் பட்டியல்

- 10-ம் தேதிக்குள் விடுப்பு விவரம், 15-க்குள் களஞ்சியத்தில் பட்டியல், 20-க்குள் கருவூலத்துக்கு. இது நம் அலுவலக வழக்கம். கடைசி நாள்வரை இழுத்தால் சர்வர் நகராது.
- நீங்கள் தயாரிப்பவர், ஒப்புதல் அம்மாவுடையது. அம்மாவின் கடவுச்சொல்லை எழுதி வைக்காதீர்கள், அவரே உட்கார்ந்து போடட்டும்.
- ஊதிய உயர்வு நான்கு காலாண்டுகளில் வரும்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ம் தேதிகள். ஜூலைக்கு நம்மிடம் ஆறு பேர், பட்டியல் சம்பளக் கோப்பின் முதல் தாள். சம்பளமில்லா விடுப்பு எடுத்தவருக்கு உயர்வுத் தேதி தள்ளிப்போகுமா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். போட்டு முடித்த அன்றே பணிப்பதிவேட்டில் எழுதி அம்மா கையொப்பம். பிறகு என்று விட்டால் ஓய்வுக் கோப்பு போகும்போதுதான் தெரியும்.
- 01.04.2003 அன்றோ பிறகோ சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியப் பிடித்தம்: அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து 10 விழுக்காடு. 01.01.2025 முதல் அகவிலைப்படி 55 விழுக்காடு. நிலுவைப் பட்டியல் போடும்போது அந்த நிலுவையிலும் 10 விழுக்காடு பிடிக்க வேண்டும், தவறுவது இங்கேதான்.
- மார்ச் சம்பளம் ஏப்ரலில் கைக்கு வருகிறது. அதனால் வருமான வரிக் கணக்கு நமக்கு மார்ச் முதல் பிப்ரவரி வரை. புதிதாக வரும் ஆசிரியர்கள் ஏப்ரலிலிருந்து கூட்டி எடுத்து வருவார்கள், திருப்பிக் கொடுங்கள்.
- தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. உள்ளாட்சியில் பற்றுச்சீட்டு வாங்கிக் கோப்பில் வைக்காமல் விடாதீர்கள், தணிக்கையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

விடுப்பு

- தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12. விடுமுறைகளோடு சேர்ந்து தொடர்ச்சியாக 10 நாளைத் தாண்டக் கூடாது. பொங்கல், தீபாவளியை ஒட்டி எண்ணிப் பாருங்கள்.
- வரையறுக்கப்பட்ட விடுப்பு 3. இரண்டும் தனித்தனிப் பக்கம்.
- விண்ணப்பம் வராமல் "போனில் சொன்னேன்" என்றால் பதிவேட்டில் பென்சிலால் மட்டும்.

பணம்

- ரொக்கப் புத்தகம் அன்றன்றைக்கு முடித்து அம்மா கையொப்பம். வரி விட்டு எழுதாதீர்கள், அடித்தல் இருந்தால் சுருக்கொப்பம்.
- 5,000 ரூபாய்க்கு மேல் ரசீதென்றால் ஒரு ரூபாய் வருவாய் வில்லை. இழுப்பறையில் 14 இருக்கிறது.
- காசோலை மூன்று மாதம்தான் செல்லும். கடைக்காரர் வாங்கிப் பையில் வைத்துவிடுவார், இரண்டாவது மாதம் கேட்டுவிடுங்கள்.
- பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் தீர்மானம் இல்லாமல் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. ஏப்ரல் கூட்டத் தீர்மானத்தில் இரண்டு உறுப்பினர் கையொப்பம் பாக்கி. ஒருவர் மகள் ஏழாம் வகுப்பு, திங்களன்று பிடித்துவிடலாம்.
- சத்துணவுக் கணக்கு நம்முடையது இல்லை. அரிசிச் சாக்கை அலுவலகத்தில் வைக்கக் கேட்டால் அம்மாவிடம் அனுப்புங்கள், எலி கோப்புக்கும் வரும்.

கணினி

- பழைய கடிதங்கள் வானவில் எழுத்துருவில். வேறு கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், கெட்டுப்போனது இல்லை. ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு ஜ, ஷ, ஸ வரும் பெயர்களை மட்டும் கண்ணால் பாருங்கள்.
- அச்சுப்பொறியில் மழைக்காலத்தில் தாள் இரண்டாக இழுக்கும். தாள்கட்டை மூடிய பெட்டியில் வைத்து, போடும்முன் விசிறிப் பிரியுங்கள்.

கையில் நிற்பவை

- 24 மாற்றுச் சான்றிதழ். இதில் மூன்று பேர் துணைத் தேர்வு எழுதுகிறார்கள், அவசரப்பட வேண்டாம்.
- பதினொன்றாம் வகுப்பு மிதிவண்டி: இருப்பில் இரண்டு மிச்சம், சங்கிலியும் பூட்டும் அலுவலக உதவியாளரிடம்.
- இயற்பியல் முதுகலை ஆசிரியர் 31.01.2026-ல் ஓய்வு. பணிப்பதிவேட்டில் 2011, 2012 இரண்டு ஆண்டுப் பணி சரிபார்ப்பு இல்லை. அப்போது அவர் வேறு பள்ளியில். அங்கே கேட்டு எழுதிய கடிதம் ந.க. 187, இன்னும் பதில் இல்லை. ஜூன் 10-க்குள் வராவிட்டால் நினைவூட்டு போட்டு, பதிவேட்டைக் கையில் கொடுத்து ஆளை அனுப்பிவிடுங்கள். தபாலில் மூலப் பணிப்பதிவேட்டை அனுப்பாதீர்கள்.
- மின்கட்டணப் பட்டியல் கருவூலத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது, ஒதுக்கீடு போதவில்லை என்று. கூடுதல் கேட்டுக் கடிதம் தட்டச்சு செய்து அம்மா மேசையில், நீல அட்டையில் இருக்கிறது. கையொப்பமானதும் திங்களன்றே அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு அனுப்புங்கள்.

ஜூன் மாதம் முழுக்க மதியம் 2 முதல் 4 வரை அழைக்கலாம். என் எண் நாட்காட்டியின் பின் அட்டையில்.