களுவாஞ்சிகுடி வீட்டு ஃபைபர் லைன்ல விபிஎன் போர்ட் (யூடிபி 1194) புளொக் ஆகியிருக்கிற மாதிரி இருக்கு, டெஸ்ட் ரிசல்ட்டோட

வணக்கம்,

இந்த மெயிலை தயவுசெய்து நெட்வேர்க் பக்கம் பாக்கிற ஆக்களுக்கு அனுப்புங்க. ஹொட்லைனுக்கு எடுத்தா ஒவ்வொரு தரமும் ரூட்டரை ஓஃப் பண்ணிப் போடுங்க, ஸ்பீட் டெஸ்ட் எடுத்துப் பாருங்க எண்டுதான் சொல்றாங்க. ஸ்பீட்ல எனக்கு ஒரு குறையும் இல்ல, வீடியோ கோல், யூடியூப், பேங்க் சைட் எல்லாம் நல்லா வேலை செய்யுது, போகாம நிக்கிறது ஒரே ஒரு போர்ட்.

நான் வீட்ல இருந்து கொழும்புக் கொம்பனி ஒண்டுக்கு வேலை செய்யிறன். ஒபிஸ் சேர்வருக்குள்ள போறதுக்கு ஓபன்விபிஎன்தான் வழி, அது யூடிபி 1194ல ஓடுது. போன மாசம் 14ஆம் திகதி ராத்திரி எங்கட ஏரியாவில பராமரிப்பு வேலை எண்டு உங்கட எஸ்எம்எஸ் வந்துது, அதுவரைக்கும் நல்லா இருந்தது, அடுத்த நாள் காலம வேலையத் தொடங்கினா இந்த எரர்தான் வருது:

```
TLS Error: TLS key negotiation failed to occur within 60 seconds (check your network connectivity)
```

இது பாஸ்வேர்ட் பிழை இல்ல, சேர்ட்டிபிகேட் பிழையும் இல்ல. சேர்வர்ல இருந்து ஒரு பதிலும் திரும்பி வரல்ல எண்டதுதான் பெரும்பாலும் இதுக்கு அர்த்தம். அதனால எங்க நிக்குது எண்டு தேடிப் பாத்தன். லெப்டொப்பை கேபிள்ல நேரா ரூட்டருக்குக் குடுத்தன், ரூட்டர் ஃபயர்வோலை நிப்பாட்டினன், ஃபெக்டரி ரீசெட்டும் அடிச்சன், போன்ல விபிஎன் ஆப் போட்டு வீட்டு வைஃபையிலயும் பாத்தன், எல்லாத்திலயும் அதே கதைதான். அதே லெப்டொப், அதே கொன்ஃபிக் ஃபைல், வைஃபைய விட்டுட்டு மொபைல் டேட்டா ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினா மூண்டு நாலு செக்கனுக்குள்ள கனெக்ட் ஆகுது.

முக்கியமான டெஸ்ட் இதுதான். எங்கட ஒபிஸ் அட்மின் சேர்வர்ல இந்தக் கமாண்டை ஓட விட்டுட்டு என்னைக் கனெக்ட் பண்ணச் சொன்னார்:

```
sudo tcpdump -ni eth0 udp port 1194 and host <home-ip>
0 packets captured
```

`<home-ip>` எண்ட இடத்தில அந்த நேரம் என்ட லைனுக்கு இருந்த வெளி ஐபிய அவர் போட்டவர், அது உங்கட பதிவிலயும் இருக்கும். வீட்டில இருந்து விட்டதில ஒரு பெக்கட் கூட அங்க போய்ச் சேரல்ல. யூடிபிக்கு `nc` போட்டுப் பாத்தா போர்ட் திறந்திருக்கு எண்டு சும்மாவும் காட்டும், அத நம்ப ஏலாது, அதுதான் சேர்வர் பக்கத்தில இருந்தே பாத்தம். பிறகு அவர் கொஞ்ச நேரத்துக்கு அதே சேர்வரை யூடிபி 443க்கு மாத்தி விட்டார், வீட்டு லைன்லயே உடன கனெக்ட் ஆகிட்டு. அப்ப யூடிபி முழுக்க மறிக்கப்படல்ல, 1194 மட்டும்தான். எல்லா ஸ்டாஃபும் 1194லதான் இருக்கிறாங்க, எனக்காக நிரந்தரமா மாத்தச் சொல்லிக் கேக்க ஏலாது.

ட்ரேஸ்ரூட்டும் எடுத்தன், சேர்வர் ஐபிய இதில மாத்திப் போட்டிருக்கன், தேவையெண்டா சரியானதத் தனியா அனுப்புறன்:

```
$ sudo traceroute -n -q 1 -U -p 1194 203.0.113.25
 1  192.168.1.1  1.2 ms
 2  100.72.0.1  4.6 ms
 3  *
 4  *
```

கடைசி வரைக்கும் நட்சத்திரம்தான். `-p 443` எண்டு போட்டா அதே 100.72.0.1ஐத் தாண்டி மூண்டாவது ஹொப்பும் பதில் சொல்லுது, அதுக்கு அங்கால கொழும்பு டேட்டாசென்டர் வரைக்கும் போகுது. 100.72 எண்டது உங்கட சீஜிநெட் ரேஞ்ச், நான் வெளிய போற கனெக்ஷன்தான் எடுக்கிறன், வெளியில இருந்து உள்ளுக்கு ஒண்டும் வர வேண்டியதில்ல, அதனால பப்ளிக் ஐபி வாங்குங்க எண்டு சொல்றது இதுக்குத் தீர்வு இல்ல.

இன்னொரு விசயம், செட்டிபாளையத்தில எங்கட மாமா வீட்டிலயும் உங்கட ஃபைபர்தான், அங்கயும் 1194 போகுதில்ல. வெள்ளவத்தையில எங்கட ஒபிஸ் பொடியன் ஒருவர் உங்கட லைன்தான் பாவிக்கிறார், அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. அப்ப எங்கட பக்கத்து லைன்கள் போய்ச் சேர்ற இடத்தில அண்டைக்கு ராத்திரி ஏதோ ஒரு ஃபில்டர் விழுந்திருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன். அந்த ரெண்டாவது ஹொப்ல இருக்கிற ஏசிஎல்ல ஒருக்கா பாருங்க, அண்டைக்கு என்ன மாத்தினீங்க எண்டும் பாருங்க.

வேணுமெண்டே மறிச்சிருந்தா அதையும் நேரா எழுதிச் சொல்லுங்க, எந்தப் பெக்கேஜ்ல அது திறந்திருக்கும் எண்டும் சொல்லுங்க. நான் இந்த லைனை எடுத்ததே வீட்டில இருந்து வேலை செய்யத்தான், இப்ப மாசக்காசும் கட்டிக்கொண்டு, போனை ஜன்னல் கம்பியில கட்டி வச்சு ஹொட்ஸ்பொட்ல வேலை செய்யிறன், மழை வந்தா அந்தச் சிக்னலும் விழுந்திடும், டேட்டாக் காசு வேற.

உங்கட எஞ்சினியர் ஆராவது டெஸ்ட் பண்ணணுமெண்டா கிழமை நாள்ல பின்னேரம் 5 மணிக்குப் பிறகு எடுங்க, கணக்கில பதிஞ்சிருக்கிற நம்பர்தான். அட்மினையும் லைன்ல எடுத்துத் தாறன், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில பாக்கலாம். முழு லொக்கும் ட்ரேஸ்ரூட் ரெண்டும் இதோட இணைச்சிருக்கன்.

நன்றி,
சுதர்சன்
களுவாஞ்சிகுடி