1 என்றால் உள்ளே, 2 என்றால் வெளியே

மார்ச் 28, 2025, வெள்ளிக்கிழமை

மதியம் 1.14, தங்கை, மண்டலே
அக்க்கா வீடு ஆடி சுவ்ரு விழுந்ந்து அம்ம உள்ள நாந் தெருல புள்ள கைல கால்ல ரதம் ஒனும் தெர்ல போண் போகல அக்க அக்

1.15, அக்கா, ரங்கூன்
வந்துவிட்டது, படித்தேன். பிழை திருத்த வேண்டாம், இப்படியே எழுது. லைன் கிடைக்கவில்லை, எழுத்துதான் வருகிறது. இங்கேயும் நிலம் ஆடியது, நாங்கள் நலம்.

எனக்குப் புரிந்தது: நீ தெருவில், பிள்ளை உன் கையில், காலில் ரத்தம். "அம்ம உள்ள" மட்டும் தெளிவாக இல்லை. அம்மா இன்னும் உள்ளே என்றால் 1, வெளியே வந்தாச்சு என்றால் 2. எண் போதும்.

எதுவானாலும் நீ உள்ளே ஓடாதே. மறுபடி ஆடும்.

1.22, தங்கை
1 அடுபடி பக்ம் சதம் கேக்துது

1.22, அக்கா
சத்தம் வருகிறதா, நல்லது. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு. தெருவில் இருக்கிற ஆண்களைக் கூப்பிட்டு அடுப்படிப் பக்கம் காட்டு. அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இரு, பதிலுக்குத் தட்டச் சொல். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம், கேஸ் கசிந்திருக்கலாம். உன் காலில் துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடி. நான் போனைக் கீழே வைக்கவில்லை.

2.09, தங்கை
2
2 2 அக்கா 2

2.09, அக்கா
ஐயோ என் அம்ம. பார், என் எழுத்தும் போச்சு.

இரவு 8.40, அக்கா
சார்ஜ் இருக்கும்போது படி, அவசரமில்லை. உன் வீட்டுக்காரர் பாங்காக்கிலிருந்து எழுதிவிட்டார். அங்கேயும் ஆடியிருக்கிறது, ஆனால் அவர் நலம். நிலநடுக்கம் 7.7 என்கிறார்கள், மையம் சகாயிங் பக்கமாம். நெய்ப்பிடோ அருகே விரைவுச்சாலை பிளந்து கிடப்பதால் இன்றைக்குக் கிளம்ப வழியில்லை. இரவு வெட்டவெளியிலேயே படுங்கள், அகழிக் கரையில் நிறையப் பேர் இருக்கிறார்களாம். பாய்க்காகக்கூட வீட்டுக்குள் போக வேண்டாம். அம்மா கண்ணாடியைக் கேட்டு நச்சரிப்பாள், நான் புதிது வாங்கித் தருகிறேன் என்று சொல்.

அப்புறம், மத்தியானம் முழுக்க அம்மாவைப் பற்றியே கேட்டேன். உன்னை எதுவும் கேட்கவில்லை. ரத்தம் நின்றதா? கை நடுக்கம்? ஏதாவது சாப்பிட்டாயா, தண்ணீராவது? எழுத முடியாவிட்டால் ஒரு புள்ளி வை, அது போதும்.

9.31, தங்கை
.

9.38, தங்கை
ரத்தம் நின்னுடுச்சு. புள்ள அம்மா மடியில தூங்கிட்டான். ஒருத்தர் சோறு குடுத்தாங்க, இறங்கல. எனக்குத் தரை இன்னும் ஆடுற மாதிரியே இருக்கு அக்கா. நிஜமா ஆடுதா இல்ல எனக்குத்தானான்னு தெரியல.

9.39, அக்கா
இரண்டும் இருக்கும். இங்கே எனக்கும் அப்படித்தான், ஆடாத தரையில். படுக்க வராவிட்டால் உட்கார்ந்தே இரு. தோன்றும்போது எழுது, நான் விழித்துத்தான் இருக்கிறேன்.