ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் 40%: பாதுகாப்புத் தாளின் சுருக்கம்

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களைப் படித்துவிட்டேன். சுண்ணாம்புக்கல்லில் சிலிக்கா பார்க்க பிளாட்டினம் குரூசிபிளில் ஊற்றுகிறோமே, அந்த அமிலத்தின் தாள் இது. நம் வேலைக்குத் தேவையானதை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன். அச்செடுத்து ஃப்யூம் ஹூட் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்றாவது படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு, பிரிவு 8-இல் காற்றில் இருக்கலாம் என்ற அளவு தெரியவில்லை. ஊகித்து எழுத மனமில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்புங்கள். அதுவரை அமெரிக்காவின் ஓஷா வரம்பை வைத்துக்கொள்வோம்: 8 மணி நேர சராசரியாக 3 பிபிஎம்.

ஆபத்து

எச்சரிக்கைச் சொல்: அபாயம். H300, H310, H330: விழுங்கினாலும், தோலில் பட்டாலும், ஆவியைச் சுவாசித்தாலும் உயிர் போகலாம். H314: தோலையும் கண்ணையும் கடுமையாக அரிக்கும்.

ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் போல இதை நினைக்கக்கூடாது. அவை பட்டதும் எரியும், கையை உதறிக்கொண்டு குழாய்க்கு ஓடுவோம். இது பட்ட உடனே வலிக்காமலும் இருக்கலாம், நீர்த்த கரைசலில் வலி தெரியப் பல மணி நேரம்கூட ஆகும். அதற்குள் ஃப்ளோரைடு தோலைத் தாண்டி உள்ளே போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு வரை அரிக்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். உள்ளங்கை அளவு இடத்தில் பட்டாலே உயிருக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லை என்பதால் சும்மா இருக்கக்கூடாது.

முதலுதவி

தோல்: அவசர ஷவருக்குக் கீழே நின்று, அமிலம் பட்ட உடை, கையுறை, வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 5 நிமிடம் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லை அந்த இடத்தில் விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நகத்துக்கு அடியிலும் தேய்க்க வேண்டும். வலி நின்ற பிறகும் 15 நிமிடம் தொடருங்கள். தேய்ப்பவர் கையுறை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் கையும் போகும். ஜெல் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

கண்: இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். ஜெல்லைக் கண்ணில் வைக்கக்கூடாது.

ஆவியைச் சுவாசித்தால்: நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். விழுங்கினால்: வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

எதுவானாலும் 108-ஐ அழையுங்கள். டாக்டரிடம் வெறுமனே ‘ஆசிட்’ என்று சொல்லாமல் ‘ஹைட்ரோஃப்ளோரிக்’ என்று பெயரைச் சொல்லி, தாளின் நகலையும் கையில் கொடுங்கள். சிகிச்சையே வேறு.

கையாளும்போது

பாட்டிலைத் திறக்கும் முன் ஜெல் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். ஜெல் இல்லாத நாளில் இந்தச் சோதனையும் இல்லை. ஆய்வகத்தில் இன்னொருவர் கூடவே இருக்க வேண்டும்.

வேலை முழுவதும் ஹூடுக்குள்ளேதான். சிலிக்கா ஆவியாகும் கட்டத்தில் சிலிக்கான் டெட்ராஃப்ளோரைடும் வெளியேறும், ஹூட் கதவை மேலே தூக்காதீர்கள். கெமிக்கல் கண்ணாடி, முகக்கவசம், ரப்பர் ஏப்ரன் மூன்றும் வேண்டும். தினம் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை மட்டும் போதாது. அதை உள்ளே போட்டு, மேலே கனமான நியோப்ரீன் கையுறை. ஓட்டை இருக்கிறதா என்று காற்று ஊதிப் பாருங்கள். அளக்கக் கண்ணாடி பிப்பெட், சிலிண்டர் வேண்டாம், பாலிஎத்திலீன் சிலிண்டர்தான்.

சிந்தினால் மணலைக் கொட்டாதீர்கள். மணலே சிலிக்காதானே, நச்சு வாயு வரும். கால்சியம் கார்பனேட் தூளை ஓரத்திலிருந்து தூவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். நுரைக்கும், பொறுங்கள். சோடியம் பைகார்பனேட் அமிலத்தை மட்டும்தான் முறிக்கும், ஃப்ளோரைடு கரைந்த நச்சாகவே நிற்கும்.

சேமிப்பு

வந்த பிளாஸ்டிக் பாட்டிலிலேயே, இறுக்க மூடி, நிமிர்த்தி, பாலிஎத்திலீன் ட்ரேயில். கண்ணாடியும் உலோகமும் கூடாது: கண்ணாடியைக் கரைக்கும், உலோகத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயு விடும். காரங்களோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். குளிர்ந்த, காற்றோட்டமுள்ள, பூட்டிய இடத்தில், கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். இப்போது மேல் தட்டில் இருப்பதை இன்றே இறக்கிவிடுங்கள். சாவி ஷிப்ட் கெமிஸ்டிடம். மிச்சக் கரைசல் தனிப் பிளாஸ்டிக் கேனில் போகட்டும், சிங்க்கில் ஊற்றவேண்டாம்.