பொருள்: ராஜினாமா கொடுக்கும் முன் நியமனக் கடிதம் கேட்டு

26 பிப்ரவரி, பட்டர்வர்த்

வணக்கம் சார்,

செவ்வாய்க்கிழமை பிறையில் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. நேர்காணல் என்று வந்த இடத்தில் ஒரு கே1 பாரத்தை நீட்டி "இதில் என்ன தப்பு, சொல்லும்மா" என்று கேட்டீர்களே, அப்போதே இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. நேற்று போனில் வேலை உறுதி என்று சொன்னீர்கள். வருகிறேன் சார், அதில் மாற்றமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் கையெழுத்திட்ட நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே இங்கே ராஜினாமா கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் வார்த்தையில் சந்தேகமில்லை. 2020 பிப்ரவரியில் வேறோர் இடத்தில் போன் பேச்சை நம்பி வேலையை விட்டேன். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. "கொஞ்சம் பொறும்மா" என்றார்கள். கையில் ஒரு தாளும் இல்லாததால் ஐந்து மாதம் அண்ணன் வீட்டில் பொறுத்துக்கொண்டே இருந்தேன்.

சம்பளம் மாதம் 4,200 வெள்ளி என்றீர்கள். அது முழுக்க அடிப்படைச் சம்பளமா, இல்லை 3,800-ம் போக்குவரத்துப் படி 400-மா என்று கடிதத்தில் பிரித்துக் காட்டுங்கள். போக்குவரத்துப் படிக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை, முதலாளி பங்கு 13 விழுக்காட்டில் எனக்கு மாதம் சுமார் 52 வெள்ளி வித்தியாசம். அதே நேரம் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டினால் சட்டப்படி ஓவர்டைம் கேட்கும் உரிமை போய்விடும். மாதக் கடைசியில் கப்பல் வரும் நாளில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்பது உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் எப்படிப் பிரித்தாலும் சம்மதம்தான். ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பதவிப் பெயர், சோதனைக் காலம், ஆண்டு விடுப்பு ஆகியவை வழக்கம்போல் இருந்தால் போதும். மருத்துவப் பரிசோதனை முடிந்தால்தான் வேலை உறுதி என்றால் இப்போதே சொல்லுங்கள், அதையும் முதலில் முடித்துவிடுகிறேன்.

ஏப்ரல் 1-இல் சேரச் சொன்னீர்கள். அது முடியாது சார், மன்னிக்கவும். இங்கே என் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி எட்டு வாரம் கொடுக்க வேண்டும். நாளை வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வந்தால் மார்ச் 2 திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்து, ஏப்ரல் 27-இல் முடித்துக்கொண்டு, தொழிலாளர் தின விடுமுறை கழிந்து மே 4-இல் உங்களிடம் சேர்ந்துவிடுவேன். கடிதத்தில் அந்தத் தேதியையே போடலாமா? கடிதம் தாமதமானால் அத்தனை நாள் இதுவும் தள்ளும்.

கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி ஸ்கேன் செய்து இமெயிலில் அனுப்பினாலே போதும். நானும் கையெழுத்திட்டு அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன். அதுவரை பாயான் லெப்பாஸ் ஆபீசுக்கு யாரும் போன் செய்து என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம் சார். என் மேனேஜரிடம் நானே நேரில் சொல்ல விரும்புகிறேன்.

இப்படிக்கு,
கலைவாணி