முறைப்பாட்டு இலக்கம்

பிழை எந்த இடத்தில் என்று கனகரத்தினத்துக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. இன்டர்நெட் விழுந்ததும் லாண்ட்லைன் ரிசீவரை எடுத்து மேசையில் படுக்க வைத்தார். மூன்று நிமிடத்தில் றூட்டரின் DSL லைட் மினுங்குவதை விட்டு நிலையாக எரிந்தது. ரிசீவரைத் திருப்பி வைக்க, மறுபடி விழுந்தது.

செப்புக் கம்பியோடு வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். எங்கோ ஒரு ஜொயின்ட் களிம்பு பிடித்துவிட்டது. ரிசீவர் போனின் மேல் இருக்கும்வரை லைனில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் நிற்கும், கரண்ட் ஓடாது, களிம்பு தடுத்துக்கொண்டிருக்கும். ரிசீவரைத் தூக்கினால் இருபது, முப்பது மில்லி அம்பியர் ஓடி அந்தப் படலத்தைத் துளைக்கும், பாதை திறக்கும். கடலுக்கு முந்நூறு யார் தள்ளி, வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றின் கடைசி அனெக்ஸ் இது. உப்புக்காற்று நேராக வந்து அறைவது மேற்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில்தான். போஸ்டிலிருந்து வரும் வயர் வீட்டு வயரோடு சேர்வதும் அங்கேதான். முன்பு வந்து போன யாரோ இரண்டையும் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். டேப் ஈரத்தைத் தடுக்காது. உள்ளே போனதை வெளியே விடாது, அவ்வளவுதான்.

1979இல் திணைக்களத்தில் லைன்மனாகச் சேர்ந்து, நாற்பது வருடம் இதே வேலை பார்த்தவர். செய்யவேண்டியது பத்து நிமிட வேலை: பச்சை பிடித்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்து, செம்பு மினுங்கும்வரை பின்னுக்குப் போய், ஜெலி அடைத்த கனெக்டர் இரண்டில் ஒவ்வொரு சோடியாகத் தள்ளி, பிளையரால் நெரிப்பது. பிஸ்கட் டின்னில் கனெக்டர் ஒரு பிடி கிடந்தது. ஏணியைக் கீழ்வீட்டில் கேட்டு வாங்கலாம்.

அவர் ஏணி கேட்கவில்லை. கைபேசி டேட்டாவைப் போட்டு, கம்பனியின் சட் பெட்டியைத் திறந்தார்.

"வணக்கம்! தங்களின் பெயரை அறிந்துகொள்ளலாமா?"

பெயர், லைன் இலக்கம், அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கம். பிறகு வழமையான படிகள். றூட்டரை நிற்பாட்டுங்கள், முப்பது செக்கன் பொறுத்துப் போடுங்கள், லைட் வரும்வரை காத்திருங்கள். அந்த லைட் வர இரண்டு, மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

"அங்கே மழையா, பிள்ளை?" என்று கனகரத்தினம் எழுதினார்.

"இல்லை சேர், இங்கே ஏசிக்குள் ஒன்றும் தெரியாது" என்று வந்தது. பின்னால் ஒரு சிரிப்புப் படம்.

அடுத்த நாள் மாலையும் விழுந்தது. கடற்காற்று ஏறுகிற நேரம் அது. அடுத்த நாளும் பெட்டி, பெயரை அறிந்துகொள்ளலாமா என்றே கேட்டது. ஒருநாள் தேவிகா, ஒருநாள் றொஷான், ஒருநாள் தமிழ் எழுத்துத் தடுமாறுகிற ஒரு பையன். றூட்டரை நிற்பாட்டச் சொன்னால் அவர் உண்மையாகவே நிற்பாட்டினார், முப்பது செக்கனை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார். ஸ்பிளிட்டரைக் கழற்றி நேரே குத்தச் சொன்னார்கள், குத்தினார். 192.168.1.1 போய் SNR Margin பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். 3 dB என்று சொன்னார். 6க்குக் கீழே போனால் லைன் நிற்காது என்று அந்தப் பிள்ளைகளுக்கே விளக்கினார். அதற்குள் ரிசீவரைத் தூக்கி மேசையில் வைத்துவிடுவார், லைட் எரியும். "பிரச்சினை தீர்ந்ததா சேர்?" "இப்ப ஓடுது பிள்ளை." முறைப்பாடு மூடப்படும். ஒரு இலக்கம் வரும். கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார்.

ரொறன்ரோவிலிருக்கும் மகள் ஞாயிறுகளில் எடுப்பாள். மற்ற நாட்களில் இங்கே ஆறு மணி என்றால் அவளுக்குக் காலை எட்டரை. கார் ஓட்டிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவளை எடுப்பது பிழை என்று அவரே தீர்மானித்திருந்தார்.

நிஷாந்தி என்றொரு பிள்ளை வந்த மாலை மட்டும் கதை நீண்டது. லைட் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது (ரிசீவரைத் தூக்க அவர் அவசரப்படவில்லை என்பதும் உண்மை). அம்மாவுக்குப் பிரஷர், களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு விடிய ஐந்து மணிக்கே போய் நம்பர் எடுக்கவேண்டும் என்றாள். கிளினிக் கொப்பியை மழைக்கு நனையாமல் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கோ என்று எழுதினார்.

ஒன்பது நாள் கழித்து மறுபடி நிஷாந்தி.

"வணக்கம்! தங்களின் பெயரை அறிந்துகொள்ளலாமா?"

பெயரை எழுதாமல், "அம்மாவுக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார். மூன்று புள்ளிகள் வந்தன, போயின, மறுபடி வந்தன.

"மன்னிக்கவும் சேர். முன்பு எங்களோடு தொடர்புகொண்டிருக்கிறீர்களா? மூடின முறைப்பாடுகள் எங்கள் திரையில் வராது. பழைய இலக்கம் ஒன்றைத் தந்தால் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கலாம்."

கலண்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. இருபத்து மூன்று இலக்கங்கள். ஒன்றைக் கொடுத்தால் போதும், அவள் மேலிருந்து கீழே வாசிப்பாள். வாசித்தால் டெக்னீஷனை அனுப்புவாள். டெக்னீஷன் வந்தால் பத்து நிமிடம்.

"இல்லைப் பிள்ளை, இதுதான் முதல் தரம்" என்று எழுதினார்.

ஆனால் கம்பனியில் யாரோ ஒருவர் கணக்குப் பார்த்திருக்கவேண்டும். ஒரே லைனில் இத்தனை முறைப்பாடு திறந்து மூடினால் எந்த மேற்பார்வையாளருக்கும் உறுத்தும். அடுத்த கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஏணியோடு ஒரு பொடியன் வந்து நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். மீற்றரைக் கொழுவினான், நெற்றியைச் சுருக்கினான், நேரே றோசெட்டைக் கழற்றப் போனான்.

"அங்க இல்லைத் தம்பி. மேற்குப் பக்கத் தாழ்வாரம். வயர் சேருற இடம்."

பொடியன் ஏறினான். டேப்பை உரித்ததும் உள்ளே பச்சைப் பொடி கொட்டியது. வயரைப் புதிதாகச் சீவி மறுபடி முறுக்கப் போனவனை, "முறுக்காதையும்" என்று கீழிருந்து தடுத்தார். "ஜெலி கனெக்டர் இல்லையோ?"

"ஸ்டோரில முடிஞ்சுது ஐயா."

பிஸ்கட் டின்னைத் திறந்து இரண்டை எடுத்துக் கொடுத்தார். பட்டன் முழுவதும் உள்ளே போகும்வரை நெரிக்கவேண்டும், ஜெலி ஓரத்தால் பிதுங்கவேண்டும், பிதுங்காவிட்டால் ஈரம் போகும் என்று சொல்லிக்கொடுத்தார். மழைத்தண்ணீர் வயர் வழியே ஓடி ஜொயின்டுக்குள் இறங்காமல், அதற்கு முன்னால் வயரைக் கீழே தொங்கும் வளையமாக விடச் சொன்னார். SNR 12க்கு ஏறியது. ரிசீவரைத் தூக்கினாலும் வைத்தாலும் அசையவில்லை.

பொடியன் கீழே இறங்கி, டின்னுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"சாமானெல்லாம் வச்சிருக்கிறியள். பிழையும் தெரிஞ்சிருக்கு. பிறகேன் ஐயா இவ்வளவு நாளும்...?"

"வயசு போட்டுது. ஏணி ஏற ஏலாது."

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் தேத்தண்ணி குடித்தான். தெஹிவளைப் பக்கம் ஒரு லைன் நாலு நாளாகக் கழுத்தறுக்கிறது, மழை பெய்தால் இரைச்சல், வெயிலுக்குச் சுகம், கேபிள் எந்த இடத்தில் நனைகிறதென்று பிடிபடவில்லை என்றான். எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்தும் கேபினெட் பக்கமிருந்தும் இன்சுலேஷன் அளந்து பார்த்தீரோ என்று இவர் கேட்டார். பொடியன் கைபேசியை எடுத்து அவருடைய இலக்கத்தைப் பதிந்துகொண்டான்.

"நாளைக்கு அங்க நிண்டு எடுக்கிறன் ஐயா. எத்தினை மணிக்கு வசதி?"

"எப்பவும் எடும் தம்பி. ஆறு மணிக்கு மட்டும் வேண்டாம். பில்லில ஒரு சந்தேகம் இருக்கு, அதை அவையளிட்டைக் கேக்கவேணும்."