வலி நின்றது, கல் இன்னும் நிற்கிறது

மாமா, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் மூன்று பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதிவிடுகிறேன். அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள், அவர்தான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பயந்துபோயிருக்கிறார்.

அத்தை கேட்டதற்கு முதலில் பதில்: கிட்னி ஃபெயில் ஆகவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் உங்களுக்கு 1.1, அது சரியான அளவு. இடது பக்கம் சிறுநீர்க் குழாயில் 5 மி.மீ. கல் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அடைப்பு விலகினால் வீக்கம் வற்றும்.

காலையில் நீங்கள் அனுப்பிய செய்திதான் எனக்குக் கவலை. "வலி சுத்தமாக இல்லை, கல் போய்விட்டது போல, திங்கள்கிழமை வேலைக்குப் போகிறேன், அடுத்த ஸ்கேன் வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள். வலி இல்லை என்பது நல்ல விஷயம். ஆனால் அதை வைத்துக் கல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த வலி எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

கல் உரசிக் கிழிப்பதால்தான் வலிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள், நீங்களும் நேற்று அப்படித்தான் கேட்டீர்கள். முக்கியக் காரணம் அடைப்பு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்ளே மூன்று நான்கு மி.மீ.தான் அகலம். கல் அதில் சிக்கினால் மேலிருந்து வரும் சிறுநீர் தேங்கி, அழுத்தம் ஏறி, சிறுநீரகமும் குழாயும் உள்ளிருந்து விரிகின்றன. அந்த விரிவுதான் வலி. உடம்பு அப்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது, அது இரத்த ஓட்டத்தைக் கூட்டி அழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது, குழாயும் கல்லைத் தள்ளப் பார்த்து இறுக்கிப் பிடிக்கிறது. விட்டுவிட்டு அலை அலையாக வந்ததும், படுத்தாலும் உட்கார்ந்தாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடங்காததும் அதனால்தான். இடுப்பில் தொடங்கி அடிவயிறு, தொடையிடுக்கு, விதைப்பை வரை இறங்கியதே, அங்கே ஏதோ தனி நோய் என்று பயப்பட வேண்டாம், சிறுநீர்க் குழாய்க்கும் அந்த இடங்களுக்கும் உணர்வு நரம்புகள் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. வாந்தியும் நரம்புத் தொடர்பால் வந்ததுதான், வயிற்றுக் கோளாறு இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அழுத்தம் இறங்கினால் வலி நிற்கும். கல் அரை செ.மீ. நகர்ந்து பக்கவாட்டில் சிறுநீர் கசிய இடம் கிடைத்தாலும் இறங்கும். அடைபட்ட சிறுநீரகம் தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொண்டாலும் இறங்கும், இதில்தான் ஆபத்து, ஏனென்றால் வலியே இல்லாமல் வாரக்கணக்கில் அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஊசியின் வேலையும் இதில் சேர்ந்திருக்கிறது: ராத்திரி போட்ட டைக்ளோஃபினாக் அந்த ரசாயனத்தை அடக்கிவிட்டது, கல்லை ஒன்றும் செய்யவில்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். இரண்டு ஸ்கேனும் வேறு வேறு சொல்கின்றன என்று கோபப்பட்டீர்கள். ராத்திரி எடுத்த அல்ட்ராசவுண்டில் "இடது பக்கம் வீக்கம் உண்டு, கல் தெரியவில்லை" என்று இருக்கிறது. அது தவறு இல்லை. குழாயின் பெரும்பகுதி குடலுக்குப் பின்னால் ஓடுகிறது, குடலில் காற்று இருந்தால் அல்ட்ராசவுண்ட் அதைத் தாண்டிப் பார்க்காது. அதனால்தான் சி.டி. எடுத்தார்கள், அதில் கிட்டத்தட்ட எல்லாக் கற்களும் தெரிந்துவிடும்.

சி.டி.யில் "லெஃப்ட் வி.யு.ஜே. கால்குலஸ்" என்று இருப்பது, குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் வாசலில் கல் நிற்கிறது என்று பொருள். குழாயில் மூன்று இடங்கள் குறுகலானவை: சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம், இடுப்பு எலும்பருகே பெரிய இரத்தக் குழாயைக் கடக்கும் இடம், கடைசியாக இந்த வாசல். உங்கள் கல் முதல் இரண்டையும் தாண்டிவிட்டது. எனக்கு ரிப்போர்ட்டில் பிடித்த வரியே இதுதான். நேற்று மாலையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சிறுநீர் வருவது போலிருந்து இரண்டு சொட்டு மட்டும் வந்ததே, கல் வாசலில் நின்று சிறுநீர்ப்பையைச் சீண்டுவதால்தான்.

"மைல்ட் ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ்" என்பது அத்தையைப் பயமுறுத்திய வார்த்தை. தேங்கிய சிறுநீரால் குழாயும் சிறுநீரகமும் லேசாக விரிந்திருக்கின்றன, அவ்வளவே. "ஃபேட் ஸ்ட்ராண்டிங்" என்பது சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பில் தெரியும் கோடுகள், அழுத்தம் ஏறியபோது வரக்கூடியது. கிருமித் தொற்றிலும் அது தெரியும், ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் இல்லை, சிறுநீர்ப் பரிசோதனையில் சீழ் அணுக்கள் இல்லை, இரத்த அணுக்கள் மட்டும்தான், அது கல்லோடு வருவது. வலது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 3 மி.மீ. கல் ஒன்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அது எதையும் அடைக்கவில்லை, அதனால் வலிக்கவும் இல்லை, அதை அப்படியே விட்டுவிடலாம். வலது பக்கம் "சிம்பிள் சிஸ்ட்" என்பது நீர்க்கட்டி, வயதாக ஆகப் பலருக்கும் இருப்பது, மறந்துவிடுங்கள்.

5 மி.மீ. வரை உள்ள கற்களில் மூன்றில் இரண்டு பங்கு தானாகவே வெளியேறிவிடுகிறது, வாசல் வரை வந்துவிட்ட கல்லுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆனால் நாளைக்கே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், நான்கு வாரம்கூட ஆகலாம். நடுவில் ஒருமுறையோ இரண்டுமுறையோ வலி திரும்பலாம். அப்போது வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். ஆனால் அதை நாள்கணக்கில் நீட்டக்கூடாது, சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் உங்கள் பிரஷருக்கும் நல்லதில்லை, மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் எனக்குச் சொல்லுங்கள். டாம்சுலோசின் 0.4 மி.கி. மாத்திரை குழாயின் கடைசிப் பகுதியைத் தளர்த்துவதற்கு. அதைப் படுக்கப்போகும் முன் போடுங்கள், நீங்கள் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுப்பதால் ராத்திரி எழும்போது தலை சுற்றலாம், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். உறவின்போது விந்து வராமல் போகலாம், மாத்திரை நிறுத்தினால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். உங்கள் நண்பர் ஒரே மூச்சில் ஆறு லிட்டர் குடி, கல் அடித்துக்கொண்டு வந்துவிடும் என்றாராம். மாமா, தயவுசெய்து வேண்டாம். அடைப்பு இருக்கும்போது நீங்கள் அதிகமாகக் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் அடைப்பில்லாத வலது சிறுநீரகம் வழியாகத்தான் போகும், இடது பக்கம் போகிற கொஞ்சமும் அழுத்தத்தைக் கூட்டி வலியைத்தான் கிளப்பும். அதிகம் குடித்தால் கல் சீக்கிரம் வெளியேறுகிறது என்று ஆய்வுகளில் நிரூபிக்கப்படவில்லை. கல் வெளியே வரும்வரை தாகத்துக்குக் குடியுங்கள், வாந்தி எடுத்திருந்தால் சிறிது சிறிதாகக் கூடக் குடியுங்கள், போதும்.

தண்ணீரின் உண்மையான வேலை கல் வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது, அது ஒரு மாதத்துக்கு இல்லை, வாழ்நாள் முழுக்க. ஒருமுறை கல் வந்தவர்களுக்கு மறுபடி வருவது மிகச் சாதாரணம். 1996இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில் முதல்முறை கல் வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஐந்து வருஷம் கவனித்தார்கள்: தண்ணீரை அதிகமாக்கச் சொன்னவர்களில் 12 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியது. வேறு மருந்து எதுவும் இல்லை, வெறும் தண்ணீர்.

ஆனால் எத்தனை லிட்டர் குடித்தீர்கள் என்று எண்ணாதீர்கள், எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். நீங்கள் எட்டு மணி நேரம் கொதிகலன் பக்கத்தில் நிற்கிறீர்கள், குடித்ததில் பாதி வியர்வையில் போய்விடும், மற்றவருக்கு மூன்று லிட்டர் போதுமென்றால் உங்களுக்கு நான்கும் ஆகலாம். கல் வெளியே வந்தபின் ஒரு வேலைநாளில் 24 மணி நேரச் சிறுநீரையும் பெரிய பாட்டிலில் சேர்த்து அளந்து பாருங்கள். கூச்சமாக இருந்தாலும் ஒருமுறை செய்யுங்கள், அதன்பிறகு நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், வெளிர் மஞ்சள் என்றால் சரி, அடர்ந்த மஞ்சள் என்றால் போதவில்லை. படுக்கும் முன் ஒரு டம்ளர் குடியுங்கள், ராத்திரி ஒருமுறை எழ வேண்டியிருக்கும், எழுந்தால் இன்னொரு அரை டம்ளர். கழிப்பறை தூரம் என்று மத்தியானம் வரை குடிக்காமல் இருப்பீர்கள் என்று அத்தை சொன்னார், இந்தக் கல் அங்கேதான் உருவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். மேலதிகாரியிடம் கேட்டு இடைவேளை வாங்குங்கள், வேண்டுமானால் டாக்டரிடம் கடிதம் கேட்கலாம். இவ்வளவு தண்ணீர் எல்லாருக்கும் பொருந்தாது, இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவர்களும் டாக்டர் சொன்ன அளவைத்தான் குடிக்க வேண்டும், உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எலுமிச்சைச் சாறு சர்க்கரையும் உப்பும் போடாமல் நல்லது, அதிலுள்ள சிட்ரேட் கல் சேர விடாமல் தடுக்கும். உப்பைக் குறையுங்கள், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். ஆனால் கால்சியம் கல் என்று பாலை நிறுத்தாதீர்கள், சாப்பாட்டோடு சேரும் கால்சியம், கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது, நிறுத்தினால் கல் அதிகமாகவே வரும்.

இன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பாத்திரத்தில் சிறுநீர் கழித்து, மெல்லிய துணியிலோ பழைய வடிகட்டியிலோ வடித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மணல் பருக்கை மாதிரி எது கிடைத்தாலும் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், கொட்டிவிடாதீர்கள், அது என்ன வகைக் கல் என்று சோதித்தால்தான் அடுத்ததை எப்படித் தடுப்பது என்று தெரியும்.

இதை மட்டும் அத்தையிடம் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது, எனக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டும் இருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும், அப்போது கல்லை விட்டுவிட்டு முதலில் ஸ்டென்ட் என்ற மெல்லிய உள்குழாய் போட்டோ முதுகுவழிக் குழாய் போட்டோ சிறுநீரை வடித்துவிடுவார்கள். சிறுநீர் அறவே வரவில்லை, மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை, குடித்த தண்ணீர்கூட வாந்தியாகிறது என்றாலும் அதேதான்.

அடுத்த ஸ்கேன் இரண்டு வாரத்தில் இருக்கிறது, அல்ட்ராசவுண்டுதான், கதிர்வீச்சு கிடையாது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அந்த வாசல் நன்றாகத் தெரியும், அதனால் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு போங்கள். வீக்கம் வற்றி, கல்லும் கையில் கிடைத்திருந்தால் முடிந்தது. கல் அப்படியே நின்றால் இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், அதற்கும் நகரவில்லையென்றால் சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியை அனுப்பி லேசரால் உடைத்து எடுத்துவிடலாம், வெட்டுக் காயம் எதுவும் இருக்காது. வலி வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள், நானும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன்.