வாரம் ஒருமுறை போன் படங்கள் கிளவுடுக்கு: அமைப்பதும் சரிபார்ப்பதும்

போனில் எடுக்கும் படங்களுக்குப் பெரும்பாலும் வேறு பிரதி கிடையாது. போன் பேருந்தில் தொலைந்துவிட்டால், பிள்ளையின் முதல் நடையும் தாத்தாவின் கடைசிப் பொங்கலும் அதோடு போய்விடும். பேக்கப் இருந்தால் கவலையில்லை. ஆனால் "போட்டு வைத்திருக்கிறேன்" என்று நம்பியிருப்பவர்களில் பலருடைய பேக்கப், அவர்களுக்கே தெரியாமல் எப்போதோ நின்று போயிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் அமைப்பதைச் சுருக்கமாகவும் சரிபார்ப்பதைக் கொஞ்சம் விரிவாகவும் சொல்கிறேன்.

கூகுள் போட்டோஸ் போன்ற ஆப்கள் படம் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே ஏற்றிவிடும். வாரத்தில் இந்த நாள், இந்த மணி என்று அவற்றில் குறிக்க முடியாது. நான் வாரக் கணக்கை விரும்பக் காரணம் இருக்கிறது. ஞாயிறு அதிகாலை ஓடும் என்று தெரிந்தால், ஞாயிறு காலையில் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லும் ஒன்றை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இன்னொரு லாபம், மங்கிய படங்களையும் தேவையில்லாதவற்றையும் நீக்க நடுவில் ஒரு வாரம் கிடைக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்ட் போன், வீட்டில் பிராட்பேண்ட் வைஃபை, கேமராவில் எடுத்தவை ஏறத்தாழ 12 ஜிபி. சேமிக்கும் இடம் மைக்ரோசாப்ட்டின் ஒன்டிரைவ், ஏற்றும் ஆப் FolderSync. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். 12 ஜிபிக்கு அது போதாது. 100 ஜிபி தரும் சிறிய சந்தா எடுப்பது நல்லது. கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். அதனால் படங்களை அங்கே நெருக்கியடிக்க நான் சொல்லமாட்டேன்.

பிளே ஸ்டோரில் FolderSync-ஐ நிறுவி, கோப்புகளைப் படிக்க அது கேட்கும் அனுமதியைக் கொடுங்கள். அதில் உங்கள் ஒன்டிரைவ் கணக்கைச் சேர்த்து, "போன் படங்கள்" என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அப்புறம் போனில் உள்ள ஃபோல்டரையும் கிளவுடில் உள்ள ஃபோல்டரையும் இணைக்கும் ஜோடி ஒன்றை அமைக்க வேண்டும். போன் பக்கத்தில் `DCIM/Camera`, மறுபக்கத்தில் "போன் படங்கள்". திசை, போனிலிருந்து கிளவுடுக்கு மட்டும்.

இங்கே நிதானம் தேவை. Sync deletions என்று ஒரு தேர்வு இருக்கும். அது கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அதைப் போட்டுவிட்டால், போனில் நீங்கள் அழிக்கும் படம் அடுத்த ஞாயிறு கிளவுடிலிருந்தும் அழியும். ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு கிடைக்காது. ஏற்றிய பின் போனிலுள்ளதை நீக்கும் தேர்வு கண்ணில் பட்டால் அதையும் தொட வேண்டாம்.

நேரத்துக்கு வாரம் ஒருமுறை, ஞாயிறு அதிகாலை 1 மணி என்று வையுங்கள். வைஃபையில் மட்டும், சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேருங்கள். சனிக்கிழமை இரவு போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது வழக்கமாகிவிட வேண்டும்.

முதல் தடவை மட்டும் நீங்களே ஓட்டுங்கள். அப்லோட் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 12 ஜிபி ஏற ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அதன்பின் வாரத்துக்கு நூறு படம் சேர்ந்தாலும் சில நூறு எம்பிதான், சட்டென்று முடியும். நிறைய 4கே வீடியோ எடுப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதில் ஒரு நிமிட வீடியோவே சில நூறு எம்பி வரும்.

அமைத்த கையோடு போன் செட்டிங்ஸில் இந்த ஆப்பின் பேட்டரிப் பக்கத்துக்குப் போய், கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். பேக்கப் ஓசையில்லாமல் நின்று போவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் இதுதான். பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று போன் பின்னணியில் இருக்கும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். சில கம்பெனி போன்களில் "ஆட்டோஸ்டார்ட்" என்று தனி அனுமதியும் உண்டு, அதையும் கொடுங்கள். நெடுநாள் திறக்காத ஆப்பின் அனுமதிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆண்ட்ராய்ட் 11 முதல் இருக்கிறது. ஆப் பற்றிய பக்கத்தின் அடியில் உள்ள அந்தத் தேர்வையும் அணைத்துவிடுங்கள்.

சரி, ஓடியதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆப் பச்சை நிறத்தில் "வெற்றி" என்று காட்டுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தவறான ஃபோல்டரைக் கொடுத்திருந்தாலும் ஏற்ற ஒன்றுமில்லை, பிழையும் இல்லை என்று வெற்றியாகவே முடியும். வரலாற்றுப் பக்கத்தில் எத்தனை கோப்புகள் ஏறின என்ற எண்ணைப் பாருங்கள். அந்த வாரம் படம் எடுத்திருந்தும் சுழியம் என்றால் ஏதோ சரியில்லை.

இதைவிட உறுதியான வழி இருக்கிறது. சனிக்கிழமை மாலை, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் அன்றைய தாளை ஒரு படம் எடுங்கள். ஞாயிறு காலை வேறு ஒரு கருவியில், மடிக்கணினியிலோ வீட்டில் இன்னொருவர் போனிலோ, பிரவுசரில் `onedrive.com` திறந்து உள்ளே போங்கள். அந்தத் தேதித் தாள் அங்கே இருந்தால் இந்த வாரத்துப் பேக்கப் ஓடியிருக்கிறது. உங்கள் போனிலேயே பார்த்தால் போனில் இருக்கும் படத்தையே பார்த்துக் கிளவுடில் இருப்பதாக நினைத்துவிடும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் வேறு கருவி.

மாதத்தில் ஒரு ஞாயிறு இன்னும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஒன்டிரைவ் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எத்தனை உருப்படிகள் என்று காட்டும். போனில் `DCIM/Camera`-வில் உள்ள எண்ணிக்கையோடு அதை ஒப்பிடுங்கள். போனில் நீங்கள் அழித்தவையும் கிளவுடில் இருப்பதால் கிளவுட் எண் கூடுதலாக இருப்பது இயல்பு. குறைவாக இருந்தால்தான் தேட வேண்டும். பழைய வீடியோ ஒன்றையும் தரவிறக்கி முழுதாக ஓட்டிப் பாருங்கள். பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, திறக்கவும் வேண்டும்.

தேதித் தாள் வரவில்லையா? முதலில் போன் இரவு சார்ஜிலும் வைஃபையிலும் இருந்ததா பாருங்கள். அடுத்து கிளவுட் இடம் நிரம்பிவிட்டதா. பிறகு, அண்மையில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினீர்களா. மாற்றியிருந்தால் ஆப்பில் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்ட் அப்டேட் வந்திருந்தால் பேட்டரி, அனுமதி இரண்டையும் திரும்பப் பாருங்கள். சரிசெய்ததும் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அப்போதே கையால் ஓட்டிவிடுங்கள்.

வாட்ஸப்பில் வரும் படங்கள் கேமரா ஃபோல்டரில் இருக்காது. அவை `Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images` என்ற இடத்தில் இருக்கும். குட் மார்னிங் படங்களுக்கு நடுவே உறவினர் அனுப்பிய கல்யாணப் படங்களும் அங்கேதான் கிடக்கின்றன. முக்கியமானவற்றை மட்டும் கேமரா ஃபோல்டருக்கு நகலெடுத்துவிடுங்கள், மற்றதை விட்டுவிடலாம்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. போன் தொலைந்தால் கணக்கில் நுழைய வரும் ஓடிபியும் அந்தத் தொலைந்த போனுக்குத்தான் போகும். மைக்ரோசாப்ட் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 25 எழுத்துகள் கொண்ட மீட்புக் குறியீடு ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். இன்றே அதை எடுத்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரமும் வைக்கும் பையில் போட்டு, அது அங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவிடுங்கள்.